வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிக்கும் முன்: ஃபைல்களின் ஓனரை மாற்றுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் உள்ள சின்ன ஆலைகளுக்கும் தர்மபுரியில் சில அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். மாம்பழ சீசன் முடிந்து ஆட்கள் கலையும் ஆகஸ்ட், செப்டம்பரில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த விஷயம்தான். பெரும்பாலோர் வைத்திருப்பது கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்பதால் அதை வைத்தே எழுதியிருக்கிறேன்.

"ஃபோல்டர் என்னோடது சார். அவன் அதுக்குள்ளதான் எல்லா ஷீட்டையும் போட்டான். அவன் ஐடிய அழிச்சா என் ஃபோல்டர்ல இருக்கிறது எப்படிப் போகும்?"

போகும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கூகுள் டிரைவில் 'My Drive' என்பது வாடகை வீடு மாதிரி. வீடு உங்களுடையதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் பீரோ யார் வாங்கியதோ அவருடையது. ஒரு ஷீட்டை முதலில் உருவாக்கியவர், அல்லது ஒரு பிடிஎஃப்பை ஏற்றியவர், அவர்தான் அதற்கு ஓனர். அது யாருடைய ஃபோல்டரில் கிடக்கிறது என்பது கணக்கில் வராது. ஓனரின் கணக்கு அழிந்தால் அவர் பெயரில் உள்ளதெல்லாம் அதோடு அழியும். உங்கள் ஃபோல்டர் மட்டும் காலியாக நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாங்கூழ் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுத் தம்பி ஜூலைக் கடைசியில் நின்றுவிட்டார். மேனேஜர் "மாசாமாசம் அந்த ஐடிக்கும் காசு போகுது, எடுத்துடுங்க" என்றார். "அவர் ஃபைல் எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "எல்லாம் என் சீசன் ஃபோல்டர்லதான்" என்றார். நானும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், ஷீட்டுகள் வரிசையாக இருந்தன. திருப்தியோடு கணக்கை அழித்தேன். ஓனர் யார் என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை. அக்டோபரில் கூழ் வாங்கியவர் ஒரு லாட்டின் பிரிக்ஸும் புளிப்பும் கேட்டு மெயில் அனுப்பினார். ஃபோல்டரில் மேனேஜர் போட்ட இரண்டு விலைப்பட்டியல் மட்டும் இருந்தது. தினசரி லாட் ஷீட் ஒன்றுகூட இல்லை. கடைசியில் வாங்கியவர்களுக்கு முன்பே மெயிலில் அனுப்பிய எக்ஸெல் பிரதிகளையும் பாய்லர் ரூம் அலமாரியில் கிடந்த பிரிண்ட்டுகளையும் வைத்து ஓரளவு ஒட்டினோம். ஓரளவுதான்.

"எந்த ஃபைல் அவர் பேர்ல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டிரைவின் தேடல் பெட்டியில் இதை அடியுங்கள், முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
owner:qc@example.com
```

அவர் உங்களோடு பகிர்ந்திருக்கும், அவர் பெயரிலேயே இருக்கும் ஃபைல்கள் அத்தனையும் வரும். உங்கள் ஃபோல்டருக்குள் இருப்பவையும் வரும். பட்டியலைப் பார்த்ததும் பல மேனேஜர்களுக்கு முகம் மாறிவிடும். "இது நான் போட்ட ஷீட்டாச்சே" என்பார்கள். அவர்கள் சொல்லி அந்தத் தம்பி போட்டிருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தேடலை முழுக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு பகிராதவை இதில் வராது. அவர் தனக்கென்று போட்டு வைத்திருந்த கணக்கு ஷீட், மாதிரி எடுத்த குறிப்பு, யாருக்கும் காட்டாத பழைய லாட் பதிவு எல்லாம் மறைவாகவே இருக்கும்.

"சரி, அழிக்கும்போதே மாத்திக்கலாமா, முன்னாடியே மாத்தணுமா?"

இரண்டு வழியும் இருக்கிறது. நான் எப்போதும் முன்னாடியே மாற்றும் வழியைத்தான் பிடிக்கிறேன்.

அழிக்கும்போது `admin.google.com` பக்கத்தில் அந்தப் பயனரைத் தேர்ந்தெடுத்து `Delete user` கொடுத்தால், அவருடைய டேட்டாவை வேறொருவருக்கு மாற்றவா வேண்டாமா என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. மாற்றச் சொன்னாலும் ஒரு கண்ணி இருக்கிறது. டிரைவுக்குக் கீழே `Also include data that is not shared with anyone` என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் யாரோடும் பகிராத ஃபைல்கள் வராது. மேலே சொன்ன மறைவான ஷீட்டுகள் இவைதான். இரண்டாவது தடவை நான் ஏமாந்தது இந்தக் கட்டத்தில்.

முன்னாடியே மாற்றும் வழிக்கு அதே அட்மின் பக்கத்தில் `Apps`, அதற்குள் `Google Workspace`, அதற்குள் `Drive and Docs`, அதற்குள் `Transfer ownership` போங்கள். யாரிடமிருந்து, யாருக்கு என்று இரண்டு முகவரி மட்டும்தான் கேட்கும். அவர் பெயரில் உள்ள எல்லா ஃபைலும் போகும், பகிர்ந்தது பகிராதது என்ற பேச்சே இல்லை. இதில் இன்னொரு நன்மை, கணக்கு உயிரோடு இருக்கும்போதே சரிபார்க்கலாம். தப்பு நடந்திருந்தால் திருத்த நேரம் இருக்கும்.

"மாத்தின பிறகு ஃபைல் எல்லாம் எங்க போய் உட்காரும்? லிங்க் மாறிடுமா?"

புது ஓனரின் My Drive-இல் பழைய ஓனரின் மெயில் முகவரியையே பெயராகக் கொண்டு ஒரு ஃபோல்டர் முளைக்கும். மாற்றப்பட்டவை அதில் இருக்கும். ஏற்கனவே உங்கள் சீசன் ஃபோல்டரில் கிடந்த ஷீட் அங்கேயே இருக்கும், ஓனர் பெயர் மட்டும் மாறும்.

லிங்க் மாறாது. ஃபைல் அதே ஃபைல்தான், நகல் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் அனுப்பிய லிங்க்கும் வேலை செய்யும். யார் யாரோடு பகிர்ந்திருந்ததோ அந்த அனுமதியும் அப்படியே இருக்கும். பழைய ஓனருக்கும் திருத்தும் உரிமை மிச்சம் இருக்கும். அவர் நல்லபடியாகப் போகவில்லை என்றால் இதை நினைவில் வையுங்கள்.

"ஒரு ஆலையில் நீங்க செஞ்சதை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடியுமா?"

போன ஆண்டு இன்னொரு கூழ் ஆலை. அங்கே கணக்குப் பிரிவைப் பார்ப்பவர் ஒரு அம்மா, அட்மின் உரிமையும் அவரிடம்தான். தரக் கட்டுப்பாட்டில் இருந்த பெண் கல்யாணமாகி ஓசூர் பக்கம் போகிறார், நல்லபடியான விடைபெறல். அவர் போகும் வாரம் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தே ஆரம்பித்தோம். இது சாதாரணமாகக் கிடைக்காத வசதி. "உங்க டிரைவ்ல சொந்த விஷயம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். ஆதார் ஸ்கேன், பத்தாவது மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் இருந்தன. அவற்றைத் தன் போனுக்கு இறக்கிக்கொண்டு டிரைவிலிருந்து நீக்கினார். அடுத்தது குப்பைத் தொட்டி. அதில் தவறுதலாகப் போட்ட ஒரு ஜூன் மாத லாட் ஷீட் கிடந்தது, வெளியே எடுத்தோம். தொட்டியில் உள்ளதை முன்கூட்டியே எடுத்து வைப்பது என் வழக்கம். 30 நாளில் தொட்டி தானே காலியாகிவிடும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

பிறகு ஓனரை யார் பெயருக்கு மாற்றுவது என்ற பேச்சு. மேனேஜர் "எனக்கே போடுங்க" என்றார். அவர் கணக்கில் ஏற்கனவே வீடியோவும் சிசிடிவி பதிவும் நிறைந்து கிடந்தது. மாற்றும் ஃபைலின் எடையெல்லாம் புது ஓனர் தலையில்தான் விழும், இடம் இல்லாவிட்டால் வேலை நடக்காது. அதனால் அந்த அம்மா கணக்குக்கே மாற்றினோம்.

மாற்றச் சொல்லிவிட்டு டீ குடித்தோம். ஃபைல் எண்ணிக்கையைப் பொறுத்து நேரம் பிடிக்கும். முடிந்ததும் அந்த அம்மா டிரைவில் பெண்ணின் முகவரியில் ஒரு ஃபோல்டர் வந்தது. இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் மறுபடி அந்தப் பெண்ணின் கணக்கிலேயே உட்கார்ந்து `owner:me` என்று தேடினோம். ஒன்றும் வரவில்லை. அதுதான் நான் நம்பும் சோதனை: புது வீட்டில் எவ்வளவு வந்தது என்று எண்ணுவதைவிட பழைய வீட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் ஒரு தோத்தாபுரி லாட் ஷீட்டைத் திறந்து, அதில் அன்றைய பிரிக்ஸ் 14.6 என்று இருக்கிறதா, கதவுப் பதிவில் உள்ள லாரி எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்தோம். எந்த ஃபைல் என்பது முக்கியமில்லை, ஒன்றையாவது திறந்து உள்ளே பாருங்கள்.

திங்கட்கிழமை பாஸ்வேர்டை மாற்றிக் கணக்கை நிறுத்தி வைத்தோம். ஒரு மாதம் கழித்துத்தான் அழித்தோம்.

"அழிச்சு 12 நாள் ஆச்சு. இப்பதான் ஞாபகம் வந்துச்சு அண்ணே. ஏதாவது வழி இருக்கா?"

இருக்கிறது, ஆனால் இன்றைக்கே. அழித்த பயனரை 20 நாளுக்குள் சூப்பர் அட்மின் திரும்பக் கொண்டுவரலாம். பயனர்கள் பட்டியலில் `Recently deleted` என்று வடிகட்டினால் அவர் பெயர் இருக்கும், அங்கிருந்து `Recover` கொடுக்க வேண்டும். ஒரு லைசென்ஸ் காலியாக இருக்க வேண்டும், இல்லை என்றால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாதக் காசு போனால் போகட்டும். கணக்கு திரும்பியதும் டேட்டா முழுவதும் தெரிய ஒரு நாள்வரை ஆகலாம், பதற வேண்டாம். பிறகு மேலே சொன்னபடி ஓனரை மாற்றி, சரிபார்த்து, மறுபடி அழியுங்கள்.

ஷீட் இன்னும் திறக்கிறதா என்று தட்டிப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். திறக்கிறதோ இல்லையோ, காலண்டரில் நாளை எண்ணுங்கள். 20 தாண்டினால் கூகுளிடம் கெஞ்சினாலும் வராது. நான் அக்டோபரில் கெஞ்சிப் பார்த்தவன்.

"அழிக்காம சஸ்பெண்ட் பண்ணி வச்சிட்டா போதாதா?"

ஃபைலைப் பொறுத்தவரை போதும். சஸ்பெண்ட் செய்த கணக்கின் ஃபைல்கள் இருக்கும், பகிர்ந்தவர்களால் திறக்கவும் முடியும். அவரால் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். ஆனால் பில் நிற்காது. சஸ்பெண்ட் செய்தவருக்கும் மற்றவர் அளவே காசு. அதனால்தான் முதலாளிகள் "அழிச்சிடு" என்கிறார்கள். மாற்றி முடிக்கும்வரை நிறுத்தி வைப்பதற்கு இது நல்ல வழி, வருடக்கணக்கில் வைப்பதற்கு இல்லை.

"அவரே Share-ல போய் ஃபோல்டரை என் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டார். போதும்ல?"

போதாது. ஃபோல்டரின் ஓனரை மாற்றினால் அந்த ஃபோல்டருக்கு மட்டும்தான் மாறும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஷீட்டும் இன்னும் அவர் பெயரில்தான். ஃபோல்டர் ஓனர் என்று உங்கள் பெயரைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று மனது நம்பிவிடும், அதுதான் ஆபத்து. ஃபோல்டருக்குள் போய் ஷீட்டுகளின் ஓனர் நெடுவரிசையைப் பாருங்கள்.

"எல்லாம் மாத்தியாச்சு. ஆனா தினமும் சாயங்காலம் வர்ற ரிப்போர்ட் மெயில் நின்னுபோச்சு. ஷீட்ல #REF!-ன்னு வருது."

ஃபைல் வந்தது, அதற்குள் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் வரவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு.

சாயங்கால மெயில் என்பது ஷீட்டோடு இணைந்த ஒரு ஸ்கிரிப்ட். அதை நேரத்துக்கு ஓட வைக்கும் 'டிரிகர்' யார் வைத்தாரோ அவர் கணக்கில்தான் ஓடும். ஷீட்டுக்கு ஓனர் மாறினாலும் டிரிகர் மாறாது. கணக்கு போனதும் சத்தமில்லாமல் நின்றுவிடும், பிழை மெயிலும் இல்லாத கணக்குக்கே போகும். புது ஓனர் ஷீட்டில் `Extensions` போய் `Apps Script` திறந்து, இடப்பக்கம் `Triggers`-இல் தன் பெயரில் புதிதாக ஒன்று வைத்து அனுமதி கொடுக்க வேண்டும்.

`#REF!` வருவது பெரும்பாலும் ஒரு ஷீட்டிலிருந்து இன்னொரு ஷீட்டுக்கு எண்களை இழுக்கும் `IMPORTRANGE` சூத்திரத்தால்:

```
=IMPORTRANGE("மூல ஷீட்டின் லிங்க்","LOT!A2:F")
```

முதல் தடவை இதற்கு `Allow access` அழுத்தி அனுமதி கொடுத்தவர் போன தம்பி. அனுமதி கொடுத்தவர் மூல ஷீட்டிலிருந்து நீங்கினால் அனுமதியும் நீங்கிவிடும். மூல ஷீட்டுக்குள் நுழையும் உரிமை உள்ள புது ஓனர் அந்தக் கட்டத்தில் சுட்டியை வைத்து மறுபடி `Allow access` கொடுத்தால் எண்கள் திரும்பும். எண்கள் போகவில்லை, வழிதான் அடைபட்டது.

இந்த இரண்டையும் ஆள் போகும் முன்பே கேட்டு எழுதி வைப்பது நல்லது. "உங்க பேர்ல தானா ஓடுறது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள்.

"எங்க அலுவலகத்துல கம்பெனி ஐடி எல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு சாதா ஜிமெயில்தான். என்ன செய்யலாம்?"

தர்மபுரியில் பாதி இடம் இப்படித்தான் ஓடுகிறது. அட்மின் என்று யாரும் இல்லாததால் மொத்தமாக மாற்றும் வழி கிடையாது. ஆள் கையில் போன் இருக்கும்போதே உட்கார வைத்து வேலையை முடிக்க வேண்டும். சாதா ஜிமெயிலிலிருந்து சாதா ஜிமெயிலுக்கு ஒவ்வொரு ஃபைலாகப் பகிர்வுப் பெட்டியில் ஓனர் மாற்றம் கொடுக்கலாம், வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாறும். சாதா ஜிமெயிலிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு ஓனரை மாற்ற முடியாது, கம்பெனியிலிருந்து வெளியாள் ஜிமெயிலுக்கும் முடியாது. அங்கே நகல் எடுப்பது ஒன்றுதான் வழி. நகலுக்குப் புது லிங்க் வரும், யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பழைய வரலாறு வராது. அதனால் முக்கியமான ஷீட்டுக்கு நகல் எடுத்த தேதியை உள்ளேயே ஒரு கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

"ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடு வேண்டாம். நிரந்தரமா என்ன பண்ணலாம்?"

உங்கள் திட்டத்தில் இருந்தால் 'பகிர்ந்த டிரைவ்' ஒன்று திறந்து, லாட் பதிவு, கதவுப் பதிவு, ஏற்றுமதிக் காகிதம் மூன்றையும் அதில் வையுங்கள். திரையில் `Shared drives` என்று இருக்கும். அங்கே போடும் ஃபைலுக்கு நிறுவனமே ஓனர், போட்ட ஆள் இல்லை. அவர் கணக்கை அழித்தாலும் ஃபைல் அங்கேயே இருக்கும். ஓனர் மாற்றி வாங்கிய பழைய ஃபைல்களையும் மெல்ல அங்கே நகர்த்திக்கொள்ளலாம்.

டிரிகரும் `IMPORTRANGE` அனுமதியும் இங்கேயும் ஆள் பெயரில்தான் ஓடும், அந்தக் கேள்வியை மறக்காதீர்கள்.

"மெயில் பெட்டியும் இதோட வருமா?"

வராது. ஓனர் மாற்றம் டிரைவுக்கு மட்டும். மெயில் வேண்டுமென்றால் கணக்கு இருக்கும்போதே தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். வாங்குபவர் விவரமெல்லாம் மெயிலில் இருக்கும் ஆலைகள் இதையும் அதே வெள்ளிக்கிழமை முடித்துவிடுங்கள்.

"நாங்க மைக்ரோசாஃப்ட் வச்சிருக்கோம். அங்கேயும் 20 நாள்தானா?"

அங்கே 30 நாள். அழித்த பயனரை 30 நாளுக்குள் மீட்கலாம், அவருடைய ஒன்டிரைவும் இயல்பாக 30 நாள் வைக்கப்படும். அந்த நாளை அட்மின் 3650 வரை கூட்டிக்கொள்ளலாம், அழிக்கும் முன்பே கூட்டி வைப்பது நல்லது. பயனரின் விவரத்தில் மேலாளர் பெயர் பதிந்திருந்தால் அவருக்கு அந்த ஒன்டிரைவைத் திறக்கும் உரிமை தானாகக் கிடைக்கும். அங்கே ஓனர் மாற்றம் என்று தனியாக இல்லை, திறந்து வேண்டியதைத் தன் இடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே பலர் விவரத்தில் மேலாளர் பெயரையே போடுவதில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்குப் பார்த்துவிடுங்கள்.